பாஸ்வேர்ட் சரி, இன்டர்நெட் சரி... சீனாவில் மட்டும் லாகின் ஆகாதது ஏன்?

சீனாவின் குவாங்சோ நகரில் வருடத்துக்கு இரண்டு முறை கான்டன் ஃபேர் நடக்கும். நம்ம ஊரில் இருந்தும் ஜிப், பட்டன், மெஷின் என்று பார்த்து வாங்க நிறைய பேர் போவார்கள். ஒரு உதாரணத்துக்கு, திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் மெர்ச்சண்டைசர் அங்கே போயிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரவு ஹோட்டல் அறைக்கு வந்து லேப்டாப்பைத் திறக்கிறார். கம்பெனியின் ஆர்டர் பார்க்கும் வெப் ஆப்பில் லாகின் செய்ய வேண்டும். பக்கம் வருகிறது. கம்பெனி லோகோ தெரிகிறது. இமெயில், பாஸ்வேர்ட் போட்டு பட்டனை அழுத்துகிறார். ஒன்றுமே நடக்கவில்லை. தப்பு என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

திருப்பூருக்கு போன் போகிறது.

"அண்ணா, பாஸ்வேர்ட் கரெக்ட்டாதான் போடறேன், உள்ள போகவே மாட்டேங்குது."

"இங்க எல்லாருக்கும் ஓப்பன் ஆகுதுங்க மேடம். பாஸ்வேர்டை ஒருவாட்டி ரீசெட் பண்ணிப் பாருங்க."

இந்த இடத்தில்தான் பலரும் அரை நாளைத் தொலைக்கிறார்கள். ரீசெட் பக்கத்திலும் அதே பிரச்சினை இருக்கும். அப்படியே ரீசெட் ஆனாலும், அதற்கான லிங்க் ஜிமெயிலுக்குப் போகும். அந்த ஹோட்டல் வைஃபையில் ஜிமெயில் திறக்காது. கடைசியில் ஐடி டீம் சர்வர் லாகைப் பார்த்தால் இன்னும் குழப்பம்: அந்த இமெயிலில் இருந்து லாகின் முயற்சி எதுவுமே பதிவாகவில்லை. தோல்வியடைந்த முயற்சி என்றுகூட இல்லை. மேடம் பட்டனையே அழுத்தவில்லையோ என்று தோன்றும்.

அழுத்தினார். அந்த அழுத்தம் திருப்பூர் வரை வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு பக்கம், பல முகவரிகள்

ஒரு லாகின் பக்கம் நம் பார்வைக்கு ஒரே பக்கம். பிரவுசருக்கு அப்படி இல்லை. பக்கத்தின் எலும்புக்கூடு கம்பெனி சர்வரில் இருந்து வரும். எழுத்துரு வேறொரு இடத்தில் இருந்து வரலாம். யார் எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணும் சின்ன ப்ரோகிராம் இன்னொரு இடத்தில் இருந்து. இதில் முக்கியமான ஒன்று, "நீங்கள் ரோபோ இல்லைதானே?" என்று சோதிக்கும் ரீகேப்ட்சா. அதை நடத்துவது கூகுள். வழக்கமாக வரும் முகவரி `www.google.com`.

சீனப் பெருநிலப்பகுதியில் கூகுளின் சேவைகள் 2014-ல் இருந்து கிட்டத்தட்ட முழுமையாகத் தடுக்கப்பட்டிருக்கின்றன. தேடல் மட்டும் இல்லை, `www.google.com` என்ற பெயரில் வரும் எதுவுமே. அந்தக் கம்பெனியை அங்கே யாரும் தடை செய்யவில்லை. அதன் வாசலில் நிற்கும் காவலாளி மட்டும் வேலைக்கு வர முடியவில்லை. காவலாளி கையெழுத்து போடாமல் உள்ளே விடக் கூடாது என்று கதவுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். கதவு அப்படியே நிற்கிறது.

கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். பக்கம் திறந்ததும் கூகுளின் ஸ்கிரிப்ட் ஒன்று பிரவுசருக்குள் வர வேண்டும். பட்டனை அழுத்தியதும் அந்த ஸ்கிரிப்ட் கூகுளிடம் பேசி ஒரு டோக்கன் வாங்கும். இரண்டு நிமிடம்தான் அதற்கு ஆயுள், ஒரு முறைதான் பயன்படும். இமெயில், பாஸ்வேர்டோடு அந்த டோக்கனும் கம்பெனி சர்வருக்குப் போகும். சர்வர் அதைக் கூகுளிடம் காட்டி, "இது நீங்கள் கொடுத்ததுதானா?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டு, அப்புறம்தான் பாஸ்வேர்டையே பார்க்கும்.

குவாங்சோ ஹோட்டலில் முதல் படியே நடக்கவில்லை. ஸ்கிரிப்ட் வரவில்லை. டோக்கன் கேட்க ஆள் இல்லை. பட்டனுக்குப் பின்னால் இருக்கும் ப்ரோகிராம் அந்த இடத்திலேயே உடைந்து நின்றுவிடுகிறது. அதனால்தான் திருப்பூர் சர்வரில் ஒரு வரிகூடப் பதிவாகவில்லை.

ரீகேப்ட்சாவின் பழைய வடிவத்தில் "I'm not a robot" என்ற கட்டம் தெரியும். அது காணாமல் போனால் யாராவது கவனித்துவிடுவார்கள். புது வடிவமான வி3 கண்ணுக்கே தெரியாமல் பின்னணியில் வேலை செய்வது. தெரியாமல் வேலை செய்வது தெரியாமல் செத்துப் போனால் யாருக்குத் தெரியும்?

"கூகுள் மூலம் உள்நுழைக" பட்டனுக்கும் இதே கதிதான். அது போக வேண்டிய `accounts.google.com` அங்கே திறக்காது.

தடுப்பது எப்படி நடக்கிறது?

சீனாவின் இணையத் தடுப்பு ஒரே ஒரு சுவர் இல்லை. ஒரு தளத்தின் பெயரைச் சொல்லி அதன் எண் முகவரியைக் கேட்கும்போது பொய்யான எண்ணைத் திருப்பித் தருவது ஒரு வழி. குறிப்பிட்ட எண் முகவரிகளுக்குப் போகும் தரவைச் சத்தமில்லாமல் குப்பையில் போடுவது இன்னொரு வழி. மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது. பாதுகாப்பான இணைப்பு தொடங்கும்போது பிரவுசர் அனுப்பும் முதல் வணக்கத்தில், எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்ற பெயர் வழக்கமாக மறைக்கப்படாமல் இருக்கும். நடுவில் இருப்பவர் அந்தப் பெயரைப் படித்து, பிடிக்காத பெயராக இருந்தால் இரு பக்கமும் "இணைப்பு முடிந்தது" என்று போலியாகச் சொல்லித் துண்டித்துவிடலாம்.

இந்த வித்தியாசம் வெறும் பொது அறிவுக்காக இல்லை. திரையில் தெரியும் அறிகுறி இதை வைத்துத்தான் மாறும். குப்பையில் போட்டால் பிரவுசர் ரொம்ப நேரம் காத்திருந்து `ERR_CONNECTION_TIMED_OUT` என்று சொல்லும். நடுவில் துண்டித்தால் சட்டென்று `ERR_CONNECTION_RESET` வரும்.

ஹாங்காங் இந்தத் தடுப்புக்கு வெளியே இருக்கிறது. அதனால் ஹாங்காங்கில் காலையில் ஒழுங்காக வேலை செய்த லாகின், ரயில் பிடித்து எல்லை தாண்டி ஷென்ஜென் போனதும் படுத்துவிடும். ஒரே லேப்டாப், ஒரே பாஸ்வேர்ட், ஒரே நாள்.

ரோமிங் சிம் சொல்லும் சேதி

நம் மெர்ச்சண்டைசர் இப்போது லேப்டாப்பை விட்டுவிட்டு, வைஃபையை அணைத்து, இந்திய சிம்மின் ரோமிங் டேட்டாவில் போனில் முயற்சி செய்கிறார். உள்ளே போய்விடுகிறது!

இதைப் பார்த்து "லேப்டாப்பில்தான் கோளாறு" என்ற முடிவுக்கு வருவது சுலபம். தப்பான முடிவு. வழக்கமான ரோமிங்கில், சீன டவர் நம் தரவை வாங்கி அங்கேயே இன்டர்நெட்டில் விடுவதில்லை. ஒரு குழாய் வழியாக அப்படியே இந்திய நிறுவனத்தின் நெட்வொர்க்குக்கு அனுப்பிவிடும். அங்கிருந்துதான் அது இன்டர்நெட்டுக்குள் இறங்குகிறது. ஆள் இருப்பது குவாங்சோ, தரவு வெளியே வருவது இந்தியா. அதனால் சீனத் தடுப்பு அதைத் தொடுவதில்லை. ஹோட்டல் வைஃபை அப்படி இல்லை, அது உள்ளூர் வழியாகவே போகும்.

என்னைக் கேட்டால், வெளிநாட்டில் லாகின் சிக்கல் வந்தால் முதலில் செய்ய வேண்டிய சோதனை இதுதான். ஒரே போன், ஒரே பிரவுசர், ஒரே அக்கவுன்ட். ஒரு தடவை ஹோட்டல் வைஃபை, ஒரு தடவை ரோமிங். வைஃபையில் தோற்று ரோமிங்கில் வென்றால் பாஸ்வேர்டும் அக்கவுன்ட்டும் நிரபராதி என்று ஆகிவிடும். இரண்டு நிமிட வேலை. ரோமிங் கட்டணத்தை மட்டும் முன்னாடியே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது லேப்டாப்பில். குரோமில் F12 அழுத்தி Network பகுதியைத் திறந்துவைத்து, பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். சிவப்பாகத் தெரியும் வரி எந்த முகவரிக்குப் போனது என்று பாருங்கள். கம்பெனி முகவரிகள் எல்லாம் நன்றாக இருந்து, `www.google.com/recaptcha/api.js` மட்டும் சிவப்பாக இருந்தால் ஆள் கிடைத்துவிட்டான். பக்கத்தில் Console பகுதியில், பட்டனை அழுத்தியதும், இப்படி ஒரு வரி வரும்:

```
Uncaught ReferenceError: grecaptcha is not defined
```

இந்த ஒரு ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினால் போதும். பத்து போன் கால் மிச்சம்.

திருப்பூரில் உட்கார்ந்தே சீனாவைப் பார்ப்பது

"எங்ககிட்ட ஓப்பன் ஆகுது" என்று சொல்லும் ஐடி டீமுக்கும் ஒரு வழி இருக்கிறது. குரோமின் அதே Network பகுதியில் ஒரு வரியின் மேல் ரைட் கிளிக் செய்தால், அந்த டொமைனையே தடுக்கும் வசதி உண்டு. `www.google.com`-ஐத் தடுத்துவிட்டு லாகின் செய்து பாருங்கள். குவாங்சோவில் நடப்பது உங்கள் மேசையிலேயே நடக்கும். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. இங்கே தடை உடனே விழும். அங்கே பிரவுசர் காத்துக் கிடக்கும். ஸ்கிரிப்ட் வரியில் `async defer` போடாமல் விட்டிருந்தால், அந்தக் காத்திருப்பு முடியும் வரை பக்கமே வெள்ளையாக நிற்கலாம்.

தீர்வு ஆச்சரியமாகச் சின்னது. கூகுள் திறக்காத இடங்களுக்காக, ரீகேப்ட்சாவை வேறொரு பெயரில் கூகுளே தருகிறது. இந்த வரியை,

```html
<script src="https://www.google.com/recaptcha/api.js" async defer></script>
```

இப்படி மாற்ற வேண்டும்:

```html
<script src="https://www.recaptcha.net/recaptcha/api.js" async defer></script>
```

கூகுளின் உதவிப் பக்கமே சொல்லும் வழி இது. ஆனால் இதோடு முடித்துவிட்டால் ஒரு புதுச் சிக்கல் வரலாம். நிறைய தளங்கள், எந்தெந்த முகவரியில் இருந்து ஸ்கிரிப்ட் வரலாம் என்று பிரவுசரிடம் ஒரு பட்டியல் கொடுத்து வைத்திருக்கும். அதில் பழைய கூகுள் முகவரி மட்டும் இருந்து, `www.recaptcha.net` இல்லை என்றால், இப்போது சீனாவில் மட்டும் இல்லை, திருப்பூரிலும் லாகின் படுத்துவிடும். அந்த ஸ்கிரிப்ட் உள்ளே வந்ததும் கூகுளின் இன்னொரு முகவரியில் இருந்து மற்றொரு கோப்பையும் இழுக்கும். Network பகுதியில் அது எந்த முகவரி என்று பார்த்து, அதையும் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

டோக்கனை உறுதி செய்யும் கடைசிப் படி சர்வரில் இருந்து நடக்கிறது. சர்வர் மும்பையில் இருந்தால் அது எப்போதும்போல `www.google.com`-இடமே கேட்கலாம், பிரச்சினை இல்லை. சர்வரே சீனாவுக்குள் இருந்தால் அதையும் மாற்ற வேண்டும்.

மாற்றுப் பெயர் இன்று திறக்கிறது என்பதால் எப்போதும் திறக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. தடுப்புகள் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறுபவை. அதனால் ஸ்கிரிப்ட் சில விநாடிகளில் வரவில்லை என்றால் வேறு வழி திறக்கும்படி செய்து வைப்பது நல்லது: உதாரணமாக அலுவலக இமெயிலுக்கு ஓடிபி. அந்த அலுவலக இமெயில் கூகுளில் நடக்கக் கூடாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

எதிர்ப்பக்கமும் கதவைச் சாத்தலாம்

இதுவரை பார்த்தது நடுவில் இருக்கும் நாடு தடுப்பது. போய்ச் சேரும் தளமே "உன் நாட்டில் இருந்து வேண்டாம்" என்று சொல்வது வேறு ரகம். அறிகுறியும் வேறு. அங்கே காத்திருப்பு இருக்காது. பதில் பளிச்சென்று வரும், அந்தப் பதில் மறுப்பாக இருக்கும். பெரும்பாலும் `403` என்ற எண்.

இதற்கு வெளிநாட்டு உதாரணம் தேவையே இல்லை. துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் நம்மவர்களுக்கு நன்றாகத் தெரியும், இந்திய அரசுத் தளங்கள் சில அங்கிருந்து திறப்பதில்லை. 2025 மே மாதம் இந்தியா - பாகிஸ்தான் மோதல் நேரத்தில் என்எஸ்இ, பிஎஸ்இ இரண்டும் தங்கள் இணையதளங்களை வெளிநாட்டில் இருந்து பார்ப்பதற்குத் தற்காலிகக் கட்டுப்பாடு போட்டன. சைபர் தாக்குதல் பயத்தில் இப்படிச் செய்வது வழக்கம்தான்.

கிளவுட்ஃப்ளேர் வழியாக வரும் தளமாக இருந்தால், `Error 1009` என்று தெரிந்தால் தளத்தின் உரிமையாளர் உங்கள் நாட்டையே தடை செய்திருக்கிறார் என்று அர்த்தம். `1006` என்றால் நாடு இல்லை, உங்கள் எண் முகவரிக்கு மட்டும் தடை. அமேசானின் கிளவுட்ஃபிரண்ட் இன்னும் வெளிப்படை, உங்கள் நாட்டில் இருந்து வருவதைத் தடுக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது என்று ஆங்கிலத்தில் நேராகவே எழுதிவிடும்.

அப்படியானால் பக்கம் மட்டும் திறந்து லாகின் மட்டும் தோற்பது எப்படி? பக்கத்தின் படமும் எழுத்தும் உலகம் முழுக்க நகல் வைத்திருக்கும் சர்வர்களில் இருந்து வந்துவிடும். பாஸ்வேர்ட் மட்டும் `auth` என்றோ `api` என்றோ தொடங்கும் தனி முகவரிக்குப் போகும். நாட்டுத் தடையை அந்த முகவரிக்கு மட்டும் போட்டிருப்பார்கள். உள்ளே `403` வந்தாலும், ஆப் வெளியே காட்டுவது "Something went wrong". எனக்கு இதில்தான் கடுப்பு. காரணம் சர்வருக்குத் தெரியும், அதை மறைத்துப் பொத்தாம்பொதுவாகச் சொல்வதால் எத்தனை பேர் பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள்!

இன்னொரு கூத்தும் உண்டு. நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று சர்வருக்கு நேரடியாகத் தெரியாது. எண் முகவரியை ஒரு பட்டியலில் தேடி ஊகிக்கிறது. இந்த எண்கள் கொத்துக்கொத்தாகக் கை மாறுகின்றன, நாடு விட்டு நாடு விற்கப்படுகின்றன. பட்டியல் பழையதாக இருந்தால், கோயம்புத்தூரில் உட்கார்ந்திருப்பவரையும் வேறு நாட்டுக்காரர் என்று சொல்லி வெளியே தள்ளும். சந்தேகம் வந்தால் இந்த முகவரியை பிரவுசரில் திறந்து பாருங்கள்:

```
https://www.cloudflare.com/cdn-cgi/trace
```

அதில் `loc=` என்ற வரிக்குப் பக்கத்தில், கிளவுட்ஃப்ளேர் உங்களை எந்த நாட்டவர் என்று நினைக்கிறதோ அதன் இரண்டெழுத்துக் குறியீடு இருக்கும். `loc=IN` என்று இருந்தால் இந்தியா.

மேட்ச் நடக்கும்போது மட்டும்

ஸ்பெயினில் நடப்பது இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது வகை. லா லிகா கால்பந்துப் போட்டிகளைத் திருட்டுத்தனமாக ஒளிபரப்பும் தளங்களைத் தடுக்க, 2024 டிசம்பரில் பார்சிலோனா நீதிமன்றம் ஒன்று அனுமதி கொடுத்தது. 2025 பிப்ரவரியில் இருந்து மேட்ச் நேரங்களில் அங்கே இணைய நிறுவனங்கள் கிளவுட்ஃப்ளேரின் எண் முகவரிகள் சிலவற்றையே தடுக்கத் தொடங்கின. ஆனால் அப்படி ஓர் எண் முகவரி என்பது தனி வீடு இல்லை, அடுக்குமாடிக் குடியிருப்பு. ஒரே எண்ணுக்குப் பின்னால் எண்ணற்ற தளங்கள் குடியிருக்கும். ஒரு வீட்டுக்காரர் தப்பு செய்தார் என்று மொத்த கேட்டையும் பூட்டினால், சம்பந்தமே இல்லாத கடை, மென்பொருள், அலுவலக லாகின் எல்லாம் சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

இதைக் கண்டுபிடிக்க அறிகுறி, நேரம்தான். சனி, ஞாயிறு மாலையில் ஸ்பெயினில் இருந்து மட்டும் புகார் வரும். திங்கட்கிழமை ஐடி டீம் சோதித்தால் எல்லாம் சரியாக இருக்கும். புகார் கொடுத்தவரிடம் அவருடைய இணைய நிறுவனம் எது என்று கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும். தடுப்பது அந்த நிறுவனங்கள்தான் என்பதால் ஒரே தெருவில் ஒருவருக்குத் திறக்கும், இன்னொருவருக்குத் திறக்காது.

விபிஎன் போட்டால் சரியாகுமா என்று கேட்பவர்களுக்கு: நடுவில் தடுப்பு இருந்தால் பெரும்பாலும் திறக்கும். ஆனால் சீனாவில் அரசு அனுமதி இல்லாத விபிஎன் சட்டப்படி சிக்கல். எதிர்ப்பக்கம் கதவைச் சாத்தியிருந்தால் விபிஎன் நிலைமையை மோசமாக்கவும் செய்யலாம். விபிஎன் சர்வர்களின் எண் முகவரிகளையே மொத்தமாகத் தடை செய்து வைத்திருக்கும் வங்கிகளும் அரசுத் தளங்களும் இருக்கின்றன. அடிக்கடி நாடு மாறி மாறி லாகின் செய்தால், திருட்டு முயற்சி என்று நினைத்து அக்கவுன்ட்டையே பூட்டிவிடும் ஆப்களும் உண்டு.

அதனால் ஹெல்ப் டெஸ்க்குக்கு எழுதும்போது "லாகின் ஆகல" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த ஊர், எந்த நெட்வொர்க், ரோமிங்கில் திறந்ததா இல்லையா, எந்த முகவரி சிவப்பாக இருந்தது, அது காத்திருந்து தோற்றதா சட்டென்று மறுத்ததா, அப்போது மணி என்ன. திரையில் Ray ID என்று ஏதாவது எழுத்தும் எண்ணும் கலந்து தெரிந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள். எந்த விதியால் உங்களைத் தடுத்தோம் என்று அவர்கள் தங்கள் கிளவுட்ஃப்ளேர் பதிவில் தேட அந்த எண் போதும்.